ரெஸ்யூம் சம்மரியை ஒரு நிமிடப் பேச்சாக மாற்றுவது எப்படி?

கேள்வி: நான்கு வருடமாக அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலையில், அதாவது வெண்டார்களின் பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், ரெஸ்யூமில் எழுதியிருக்கும் சம்மரியை மனப்பாடம் செய்து சொல்லிவிடுகிறேன். அரை நிமிடத்தில் முடிந்துபோகிறது, ஒப்பிப்பது போலவும் இருக்கிறது. இதை ஒரு நிமிடம் பேசுகிற மாதிரி எப்படி மாற்றுவது? சம்மரி இதுதான்:

"நான்கு ஆண்டு அனுபவமும், நுணுக்கமான கவனமும், முடிவை நோக்கிய செயல்பாடும் கொண்ட அக்கவுண்ட்ஸ் பேயபிள் நிபுணர். மாதம் 600 வெண்டார் பில்களைச் சரிபார்த்தல், த்ரீ வே மேட்சிங், வெண்டார் ரீகன்சிலியேஷன், மாத இறுதிக் கணக்கு முடிப்பு ஆகியவற்றில் ஆழ்ந்த அனுபவம். இரட்டைப் பட்டுவாடாவைத் தடுக்கும் நடைமுறையை அறிமுகப்படுத்தியவர். எக்செல், எஸ்ஏபி ஆகியவற்றில் தேர்ச்சி. குழுவாகவும் தனித்தும் இயங்கும் திறன். சவாலான சூழலில் வளர விரும்புபவர்."

பதில்:

சம்மரியை நீட்ட வேண்டாம். அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தாளிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஒன்றை நடந்த கதையாகச் சொன்னால் நிமிடம் தானாக நிறைந்துவிடும், ஒப்பிக்கிற தொனியும் போய்விடும்.

எழுதியது ஏன் வாயில் நிற்கவில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். சம்மரியைப் படிப்பவர் பத்து விநாடியில் கண்ணை ஓட்டி, தனக்கு வேண்டிய சொல்லில் மட்டும் நிற்பார். அதனால் அங்கே பெயர்ச்சொற்களை அடுக்குவது சரிதான். காதுக்கு அந்த வசதி கிடையாது. கேட்பவரால் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது, நீங்கள் சொல்லும் வரிசையில்தான் கேட்டாக வேண்டும். உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுபவம், கவனம், செயல்பாடு என்று மூன்றையும் சுமந்துகொண்டு கடைசிச் சொல்வரை காத்திருந்தால்தான் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதே தெரிகிறது. அந்த வாக்கியத்தில் வினைமுற்றும் இல்லை. இவ்வளவு அடைமொழிகளை அடுக்கி, வினைமுற்றும் இல்லாமல் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை, அதனால்தான் குரல் ஒப்பிக்கும் குரலாகிவிடுகிறது. பயிற்சி போதாமல் வருகிற குறை இல்லை இது. அதே வாக்கியத்தை எத்தனை முறை பயிற்சி செய்தாலும் இன்னும் சரளமாக ஒப்பிப்பீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எதிரே இருப்பவர் கையில் உங்கள் ரெஸ்யூம் இருக்கிறது. அதிலுள்ள வாக்கியத்தையே நீங்கள் சொன்னால் அவர் தாளைப் பார்த்துச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார், உங்களைப் பார்க்க மாட்டார். நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தாளில் இருப்பதே காதிலும் விழும்போது கவனம் தாளுக்குத்தான் போகிறது.

இப்போது சம்மரியை ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் "எப்போது? என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஒரு நாள், ஒரு ஆள், ஒரு பில் என்று ஏதாவது நினைவுக்கு வந்தால் அதற்கு டிக் போடுங்கள். வெறும் குணம்தான் வந்தால் அடித்துவிடுங்கள்.

உங்கள் சம்மரியில் இப்படிச் செய்தால் "நுணுக்கமான கவனம்", "முடிவை நோக்கிய செயல்பாடு", "குழுவாகவும் தனித்தும்", "சவாலான சூழல்" நான்கும் உடனே போய்விடும். அவை பொய் என்று சொல்லவில்லை. அன்று வரும் எல்லோருமே அதைத்தான் சொல்வார்கள், கேட்பவர் காதில் எதுவும் தங்காது. எக்செல், எஸ்ஏபி இரண்டும் தாளிலேயே இருக்கட்டும், வேண்டுமென்றால் கேட்டுக்கொள்வார்கள். பில்லை ஆர்டரோடும் ரசீதோடும் ஒத்துப் பார்க்கும் மேட்சிங், வெண்டார் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிடும் ரீகன்சிலியேஷன், மாத இறுதி முடிப்பு மூன்றும் உங்கள் வழக்கமான வேலை. அந்தப் பதவியில் இருக்கும் எவருக்கும் இவை உண்டு என்பது கேட்பவருக்கும் தெரியும், பட்டியலாகச் சொல்ல அவசியமில்லை. மிஞ்சுவது இரண்டுதான்: மாதம் 600 பில் என்ற அளவு, இரட்டைப் பட்டுவாடாவைத் தடுத்த கதை.

இந்த இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். அதற்கு முன் வேலை விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொறுப்புகள் என்று எட்டோ பத்தோ வரிகள் போட்டிருப்பார்கள். எந்த வேலை இரண்டு மூன்று இடங்களில் வேறு வேறு சொற்களில் வருகிறது என்று கவனியுங்கள். அவர்களுக்கு உண்மையான தேவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். "வெண்டார் கணக்குகளின் துல்லியம்", "பேமெண்ட் கட்டுப்பாடுகள்", "ஆடிட் கேள்விகளுக்குப் பதில்" என்று வந்தால் மூன்றும் ஒரே கவலைதான், உங்கள் கதை அதற்கு நேர் பொருத்தம். மாத இறுதியில் கணக்கைச் சீக்கிரம் முடிப்பதைப் பற்றியே விளம்பரம் பேசினால் இந்தக் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றைக்கு அது வேண்டாம், கணக்கு முடிப்பில் நடந்த ஒன்றைத் தேடுங்கள். கதை அந்தந்த வேலையைப் பொறுத்து மாறும். அதனால்தான் எல்லா இடத்துக்கும் ஒரே அறிமுகம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். முதல் பகுதி மாறாமல் இருக்கலாம், நடுவும் முடிவும் மாறும்.

அடுத்தது கதையைத் தோண்டி எடுப்பது. "இரட்டைப் பட்டுவாடாவைத் தடுக்கும் நடைமுறையை அறிமுகப்படுத்தியவர்" என்ற வரியில் நடந்தது எதுவுமே இல்லை. யார் கண்டுபிடித்தது, எப்படி, காரணம் என்ன, நீங்கள் கையால் செய்தது எது, பிறகு என்ன ஆனது? இந்த ஐந்துக்கும் உங்களிடம் பதில் இருக்கும். எனக்கு அது தெரியாது, ஆகவே இந்த வேலையில் வழக்கமாக நடக்கக்கூடிய ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு நடந்ததை இதன் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வெண்டார் போன் செய்து, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் வந்திருக்கிறது என்கிறார். தேடினால், அதே பில் ஒரு இடத்தில் INV-0457 என்றும் இன்னொரு இடத்தில் INV0457 என்றும் பதிவாகியிருக்கிறது. பல மென்பொருள்களில் இரட்டைப் பதிவைப் பிடிக்கும் சோதனை, பில் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். நடுவில் ஒரு சிறு கோடு இருந்தாலே வேறு பில் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் செய்தது இரண்டு. பில் எண்ணைக் கோடு, இடைவெளி எதுவும் இல்லாமல்தான் பதிய வேண்டும் என்று எழுதி டீமுக்குக் கொடுத்தீர்கள். பேமெண்ட் பட்டியல் போவதற்கு முன் ஒரே வெண்டாருக்கு ஒரே தொகை இரண்டு முறை இருக்கிறதா என்று எக்செலில் பார்ப்பதை வழக்கமாக்கினீர்கள். அதற்கு முந்தைய வருடம் 9 முறை நடந்தது, அடுத்த வருடம் 1.

இதை எழுத உட்காராதீர்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு, அக்கவுண்ட்ஸ் தெரியாத ஒரு நண்பரிடம் சொல்வதாக நினைத்துப் பேசுங்கள். தாள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிறகு அந்தப் பதிவைக் கேட்டு, வாயில் வந்ததை வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் எழுதிவிட்டுப் பேசினால் எழுத்துநடை ஒட்டிக்கொள்ளும், பிறகு உதற முடியாது. முதல் ரெக்கார்டிங் கிட்டத்தட்ட இப்படி வரும்:

> வணக்கம் சார். நான் வந்து நாலு வருஷமா அக்கவுண்ட்ஸ் பேயபிள்ல இருக்கேன். வெண்டார்கிட்டேருந்து வர்ற பில்லை வாங்கி, பர்சேஸ் ஆர்டரோட, சரக்கு வந்த ரசீதோட ஒத்துப் பார்த்து, பேமெண்ட்டுக்குத் தயார் பண்றது என் வேலை. மாசம் அறுநூறு பில் வரைக்கும் வரும். வெண்டார் ரீகன்சிலியேஷன், மந்த் எண்ட் எல்லாமும் பண்றேன். அதுல முக்கியமா ஒரு விஷயம் சொல்லணும்னா, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெண்டார் போன் பண்ணி, எங்களுக்கு ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் வந்திருக்குன்னு சொன்னார். நான் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். பார்த்தா, ஒருத்தர் பில் நம்பரைக் கோடு போட்டுப் பதிஞ்சிருக்கார், இன்னொருத்தர் கோடு இல்லாம பதிஞ்சிருக்கார். சிஸ்டம் அது ரெண்டும் வேற வேற பில்லுன்னு எடுத்துக்கிச்சு. அப்புறம் நாங்க என்ன பண்ணோம்னா, நம்பரை எப்படிப் பதியணும்னு ஒரு விதி வச்சோம். எக்செல்ல ஒரு செக் வச்சோம். அதுக்கப்புறம் அது ரொம்பக் குறைஞ்சிடுச்சு. அதான் சார்.

அவசரப்படாமல் சொன்னால் இது ஒரு நிமிடத்தைத் தாண்டும். ஆனாலும் நல்ல ஆரம்பம், சம்மரியில் இல்லாத ஆள் ஒருவர் இதில் தெரிகிறார். இனி வெட்டுவதும் திருத்துவதும்தான் வேலை.

முதலில் போக வேண்டியது தயக்கத்தில் வரும் சொற்கள்: "நான் வந்து", "முக்கியமா ஒரு விஷயம் சொல்லணும்னா", "என்ன பண்ணோம்னா". இவற்றை எடுத்தாலே சில விநாடிகள் மிச்சம். "ரீகன்சிலியேஷன், மந்த் எண்ட் எல்லாமும்" என்பது சம்மரிப் பட்டியல் பின்வாசல் வழியாக உள்ளே வந்ததுதான், அதையும் எடுத்துவிடலாம். பர்சேஸ் ஆர்டர், ரசீது என்று மேட்சிங்கை விளக்கும் இடம் நண்பருக்குத் தேவைப்பட்டது, அக்கவுண்ட்ஸ் மேலாளருக்குத் தேவையில்லை. ஆனால் எச்.ஆர். மட்டும் எடுக்கும் முதல் சுற்றில் அதை வைத்துக்கொள்ளலாம், அவருக்கு அது உதவும்.

இரண்டாவது, "ஒருத்தர் கோடு போட்டார், இன்னொருத்தர் போடவில்லை" என்ற இடம். நீங்கள் யாரையும் குறை சொல்ல நினைக்கவில்லை. ஆனால் முதல் நிமிடத்திலேயே கூட வேலை பார்ப்பவர்களின் தவறைச் சொல்பவராகக் காதில் விழுவீர்கள். ஆளை எடுத்துவிட்டுப் பில்லை வையுங்கள்: "பில் நம்பர் ஒரு இடத்துல கோட்டோட பதிவாகியிருந்தது, இன்னொரு இடத்துல கோடு இல்லாம." தகவல் அதேதான், குற்றச்சாட்டு மட்டும் போய்விட்டது. வெண்டார் பெயர், தொகை இரண்டும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். பழைய கம்பெனியின் விவரத்தை இங்கே கொட்டுபவர் நாளைக்கு நம் விவரத்தையும் வெளியே கொட்டுவார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

மூன்றாவது "நாங்க". பணிவாகப் பேச வேண்டும் என்று பழகியவர்கள் முக்கியமான இடத்தில் "நான்" என்பதை விழுங்கிவிடுகிறார்கள். "விதி வச்சோம்" என்றால் நீங்கள் எழுதினீர்களா, மேலாளர் எழுதி நீங்கள் பின்பற்றினீர்களா என்று தெரியாது. அடுத்த கேள்வியே "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று வரும், அப்போது திணறுவது போல ஆகிவிடும். கையால் செய்ததற்கு "நான்", சேர்ந்து செய்ததற்கு "நாங்க". விதியை எழுதியது நீங்கள் என்றால் "எழுதிக் கொடுத்தேன்". மேலாளர் எழுதினார், சோதனையை மட்டும் நீங்கள் செய்தீர்கள் என்றால் சோதனையை மட்டும் சொல்லுங்கள்.

நான்காவது "ரொம்பக் குறைஞ்சிடுச்சு". அளவு தெரிந்தால் எண்ணைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் எண்ணை உண்டாக்காதீர்கள், "அதுக்கப்புறம் என் பார்வைக்கு வந்தது ஒண்ணுதான்" என்று தெரிந்த அளவுக்குச் சொன்னால் போதும். சதவீதம் வேண்டாம். "89 சதவீதம் குறைந்தது" என்பதைக் கேட்டவுடன் எதிலிருந்து எதற்கு என்று மனக்கணக்கு ஓட ஆரம்பிக்கும், அதற்குள் நீங்கள் இரண்டு வாக்கியம் தாண்டிப் போயிருப்பீர்கள். "ஒன்பது நடந்தது, ஒண்ணா குறைஞ்சது" என்பது கேட்டவுடன் புரியும். ஒரு நிமிடத்தில் காது தாங்குவது இரண்டு மூன்று எண்கள்தான். நான்கு வருடம், அறுநூறு பில், ஒன்பது ஒன்றானது. இதற்கு மேல் ஒன்று சேர்த்தால் ஏற்கெனவே சொன்னதில் ஒன்று மறந்துபோகும். சொல்லும் எண்கள் ரெஸ்யூமில் இருப்பதோடு ஒத்துப்போகவும் வேண்டும். தாளில் 600 என்று இருக்கும்போது வாயில் "எழுநூறு எண்ணூறு" என்று வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, முடிவு. "அதான் சார்" என்பது முடிவில்லை, பேச்சைக் கீழே போட்டுவிட்டு நிற்பது. அந்த இடத்தில் வர வேண்டியது இந்த வேலைக்கும் அந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு. கம்பெனியைப் புகழ்ந்து இரண்டு வரி சொல்வதைவிட, விளம்பரத்தில் நீங்கள் கவனித்த ஒரு பொறுப்பைச் சொல்வது மேல். படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எல்லாம் சேர்த்துத் திருத்தினால்:

> வணக்கம். நாலு வருஷமா அக்கவுண்ட்ஸ் பேயபிள்ல வேலை பார்க்கிறேன். வெண்டார் அனுப்புற பில்லைச் சரிபார்த்து, பேமெண்ட்டுக்குத் தயார் பண்றது என் பொறுப்பு. மாசம் அறுநூறு பில் வரும்.
>
> ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெண்டாரே போன் பண்ணி, ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் வந்திருக்குன்னு சொன்னார். தேடிப் பார்த்தேன். பில் நம்பர் ஒரு இடத்துல கோட்டோட பதிவாகியிருந்தது, இன்னொரு இடத்துல கோடு இல்லாம. சிஸ்டம் அதை ரெண்டு பில்லா எடுத்துக்கிச்சு. நம்பரை எப்படிப் பதியணும்னு ஒரு விதி எழுதி டீமுக்குக் கொடுத்தேன். பேமெண்ட்டுக்கு முன்னாடி ஒரே தொகை ரெண்டு தடவை இருக்கான்னு பார்க்கிறதையும் வழக்கமாக்கினேன். வருஷத்துக்கு ஒன்பது தடவை நடந்தது, ஒண்ணா குறைஞ்சது.
>
> இந்த வேலையில வெண்டார் கணக்கைச் சுத்தமா வைக்கிறதுதான் முதல் பொறுப்புன்னு விளம்பரத்துல பார்த்தேன். நான் தேடிப் போய்ச் செய்யுற வேலை அது. அதனாலதான் வந்திருக்கேன்.

சுமார் 90 சொற்கள். நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் என் கணக்கை நம்பாதீர்கள், பேச்சின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் ரெக்கார்டிங்கில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் பேசியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், அதுதான் உங்கள் அளவு. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 130, 150 சொல் என்ற கணக்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். நம் சொற்கள் வேற்றுமை, காலம், விகுதி எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு நீண்டு வருபவை, அத்தனை சொல் ஒரு நிமிடத்தில் அடங்காது. பயிற்சியில் 55 விநாடி வந்தால் போதும். பதற்றத்தில் பெரும்பாலானோர் வேகமாகப் பேசிவிடுவார்கள், சிலர் மட்டும் இழுப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் 45-க்கும் 70-க்கும் நடுவில் நிற்கும், அதில் குறையொன்றும் இல்லை.

நேரம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். யார் என்று சொல்ல 10 விநாடி, ஏன் வந்தேன் என்பதற்கு 10 விநாடி, மீதியெல்லாம் கதைக்கு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர், பெற்றோர், படித்த பள்ளி, கல்லூரி, மதிப்பெண் என்று அரை நிமிடம் போய்விடும், வேலைக்கு வரும்போது நேரம் இருக்காது. பெயரைச் சொல்வதில் தப்பில்லை, ஒரு சொல்தான். குடும்ப விவரத்தை அவர்களாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். நான்கு வருட அனுபவம் இருப்பவருக்குக் கல்லூரியும் வேண்டாம். புதிதாகப் படித்து முடித்தவர் என்றால் கதையையே அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்: ப்ராஜெக்ட்டில் ஓடாமல் நின்ற ஒரு பகுதி, பயிற்சிக் காலத்தில் ஒப்படைக்கப்பட்ட ஒரு சிறு வேலை. அமைப்பு இதேதான்.

தொனியைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பேச்சுத் தமிழில் எழுதியிருப்பது வேண்டுமென்றுதான். "பணியாற்றி வருகிறேன்" என்று ஆரம்பித்தால் மீதியும் மேடைப்பேச்சாகத்தான் வரும். வீட்டில் பேசுகிற வேகமும் கொச்சையும் வேண்டாம். மரியாதையான ஒரு மேலதிகாரியிடம் வேலை விஷயமாகப் பேசுவீர்களே, அந்த நடை போதும். இன்டர்வியூ ஆங்கிலத்தில் என்றால் இந்தத் தமிழை மொழிபெயர்க்காதீர்கள். அதே ஐந்து கேள்விகளை வைத்து ஆங்கிலத்திலேயே முதல் ரெக்கார்டிங்கைச் செய்யுங்கள், சிறு சிறு வாக்கியமாக வந்தாலும் பரவாயில்லை. மொழிபெயர்த்தால் உங்கள் வாய்க்குப் பழக்கமில்லாத வாக்கியங்கள் வந்து நிற்கும், அங்கேதான் தடுமாற்றம் வரும்.

இனிப் பயிற்சி. திருத்திய வடிவத்தை மனப்பாடம் செய்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். ஒரு சின்ன அட்டையில் எட்டுக் குறிப்பு மட்டும் எழுதுங்கள்:

நாலு வருஷம் – அறுநூறு – வெண்டார் போன் – கோடு – விதி – ஒரே தொகை – ஒன்பது, ஒண்ணு – விளம்பரம்

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில்தான் படபடப்பு அதிகம், முடிவில்தான் இழுவை அதிகம், அந்த இரண்டு இடத்திலும் யோசிக்கும் வேலை இருக்கக் கூடாது. நடுவில் அட்டையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "வெண்டாரே போன் பண்ணார்" என்று ஒரு தடவை, "ஒரு நாள் வெண்டார்கிட்டேருந்து போன்" என்று இன்னொரு தடவை. வாக்கியம் மாறினாலும் வரிசை மாறாமல் வந்தால் மனதில் பதிந்திருப்பது சொற்கள் இல்லை, நடந்த விஷயம் என்று அர்த்தம்.

பதிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. யாரையாவது எதிரே உட்காரவைத்து, உங்களுக்குத் தெரியாத ஏதோ ஓரிடத்தில் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "கோடுன்னா எந்தக் கோடு?" என்று கேட்கட்டும். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால் சரி. மறுபடி "வணக்கம்" என்று தொடங்கத் தோன்றினால் இன்னும் மனப்பாடத்தில்தான் இருக்கிறீர்கள். ரெக்கார்டிங்கிலும் அடையாளம் தெரியும்: ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ராகத்தில் ஏறி ஒரே ராகத்தில் முடியும், முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் மூச்சே இருக்காது. "தேடிப் பார்த்தேன்" என்பதற்குப் பின் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். என்ன கிடைத்தது என்று கேட்பவர் காத்திருக்கும் இடம் அது. அங்கே நிறுத்த முடிந்தால் வேகம் மொத்தமும் தானாகக் குறையும். வீடியோ வழியாக நடக்கும் இன்டர்வியூவில் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம், எட்டே குறிப்பு என்பதால் கண் ஓடுவது தெரியாது. முழுப் பத்தியை ஒட்டினால் நிச்சயம் தெரிந்துவிடும்.

கடைசியாக அடுத்த கேள்வி. இந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் உச்சரிக்கும் ஒவ்வொரு விஷயமும் கேள்வியாகத் திரும்பி வரலாம். அந்த விதியில் என்ன எழுதியிருந்தீர்கள், டீமில் யாராவது மறுத்தார்களா, அதிகமாகப் போன பணத்தை எப்படித் திரும்ப வாங்கினீர்கள், தொகை ஒன்றாக இருந்தும் உண்மையிலேயே இரண்டு வேறு பில்லாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் யோசித்து வையுங்கள். பதில் இல்லாத விஷயம் எதுவானாலும் நிமிடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இவற்றில் எது வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றை நான் கட்டாயம் கேட்பேன்: "விதி வந்த பிறகும் ஒன்று தப்பியதே, அது எப்படி?" வெண்டார் ஒரே பில்லை மெயிலில் ஒரு முறையும் காகிதத்தில் ஒரு முறையும் அனுப்பி, இரண்டும் வேறு வேறு வாரப் பேமெண்ட்டில் போயிருக்கலாம். உங்கள் எக்செல் சோதனை அந்த வாரப் பட்டியலுக்குள் மட்டும் பார்த்ததால் பிடிபடாமல் போயிருக்கலாம். உங்கள் விஷயத்தில் என்ன நடந்தது என்று ரெஸ்யூமை அனுப்புவதற்கு முன்பே பழைய பதிவுகளையோ பழைய சக ஊழியரையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.